250 ஜிஎஸ்எம் துணி, பையர் கேட்பது 12 அவுன்ஸ்: கணக்கு எங்கே இடிக்கிறது?

நூலிழை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இரண்டு நாளாக ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன், இடிக்கிறது.

கோட் தைக்கும் ஆர்டர் ஒன்று வந்திருக்கிறது. பையர் அனுப்பிய தாளில் துணிக்கு நேராக மூன்றே விவரங்கள்: கம்பளிக் கலவை சூட்டிங், 12 oz, அகலம் 58 அங்குலம். அதோடு உள்ளங்கை அளவில் ஒரு மாதிரித் துண்டும் அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் பேசிவைத்திருக்கும் மில் கொடுத்த துணி 250 ஜிஎஸ்எம். இணையத்தில் ஒரு மாற்றிப் பக்கத்தில் போட்டால் 250 ஜிஎஸ்எம் என்பது 7.4 அவுன்ஸ் என்று வருகிறது. கேட்டது 12, கையில் இருப்பது 7.4. பாதிக்குக் கொஞ்சம் மேல்தான்.

ஆனால் இரண்டு துணியையும் விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தால் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. தொங்கவிட்டாலும் ஒரே மாதிரி விழுகிறது. என் கை பொய் சொல்கிறதா, கணக்கு பொய் சொல்கிறதா? வெள்ளிக்கிழமைக்குள் மில்லுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

---

வேகத்தறி

மாற்றிப் பக்கத்தை நம்பாதீர்கள், கையால் போடுங்கள். ஒரு அவுன்ஸ் என்றால் 28.35 கிராம். 250ஐ 28.35ஆல் வகுத்தால் 8.8 அவுன்ஸ் வரும். 7.4 எப்படி வந்தது என்றே தெரியவில்லை. எப்படிப் பார்த்தாலும் 12 வரவில்லை என்பது மட்டும் உண்மை. 12 வேண்டுமானால் 340 ஜிஎஸ்எம் துணி கேளுங்கள். 12ஐ 28.35ஆல் பெருக்கினால் அதுதான் வருகிறது.

---

பழைய தறிக்கூடம்

வேகத்தறி சொன்னதில் அவுன்ஸுக்கு 28.35 கிராம் என்பது சரிதான். ஆனால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. இந்தத் தவறை நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் செய்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. நமக்கு வேண்டியது ஒரு சதுர கெஜத்தின் எடை. இங்கே எடையின் அலகு மட்டும் மாறவில்லை, துண்டின் அளவும் மாறுகிறது. ஒரு கெஜம் என்பது 0.9144 மீட்டர். அதைச் சதுரமாக்கினால் 0.836 சதுர மீட்டர். அதாவது சதுர கெஜம் சதுர மீட்டரைவிட ஆறில் ஒரு பங்கு போலச் சின்னது. அதே துணியில் சின்னத் துண்டு வெட்டினால் எடையும் குறையத்தானே செய்யும்?

250 கிராமை முதலில் 0.836ஆல் பெருக்குங்கள். 209 கிராம். இதுதான் ஒரு சதுர கெஜத்தின் எடை. இப்போது 28.35ஆல் வகுத்தால் 7.37 அவுன்ஸ். மாற்றிப் பக்கம் காட்டியதும் இதைத்தான். இரண்டு படியையும் ஒன்றாக்கினால் 33.9 என்று ஒரே எண் வரும். ஜிஎஸ்எம்மை 33.9ஆல் வகுத்தால் அவுன்ஸ், அவுன்ஸை 33.9ஆல் பெருக்கினால் ஜிஎஸ்எம். மனக்கணக்குக்கு 34 என்று வைத்துக்கொண்டாலும் கெட்டுப்போகாது.

ஜிஎஸ்எம்மை 28.35ஆல் மட்டும் வகுத்தால் அவுன்ஸ் எப்போதும் ஏறக்குறைய 20 சதவீதம் கூடுதலாக வரும். அந்த 20 சதவீதம் எங்காவது தென்பட்டால் இந்தத் தவறுதான் என்று சந்தேகப்படலாம்.

---

வேகத்தறி

சரி, ஒத்துக்கொள்கிறேன். சதுரத்தை மாற்றாமல் விட்டுவிட்டேன். இத்தனை நாளாக என் கோப்பில் 28.35தான் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்றைக்கே திருத்துகிறேன்.

---

நூலிழை

நன்றி ஐயா. அப்படியென்றால் 12 அவுன்ஸுக்கு 12 பெருக்கல் 33.9, அதாவது 407 ஜிஎஸ்எம் கேட்க வேண்டுமா? மில்லில் 400க்கு மேல் இருப்பதெல்லாம் ஓவர்கோட் வரிசையில்தான் காட்டுகிறார்கள். பையர் கேட்டிருப்பது சாதாரண சூட் கோட்.

---

சின்னப்பொத்தான்

நான் டீஷர்ட் வேலை. எனக்கும் இதே குழப்பம் உண்டு. என் டீஷர்ட்டைத் தராசில் வைத்தால் 180 கிராம் காட்டுகிறது. 33.9ஆல் வகுத்தால் 5.3 அவுன்ஸ். அப்போது "5.3 oz டீஷர்ட்" என்று போட்டு விற்கலாம்தானே?

---

பழைய தறிக்கூடம்

சின்னப்பொத்தான், நீங்கள் எடைபோட்டது முழு உடுப்பை. அந்த 180க்கும் ஜிஎஸ்எம்முக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. அந்த டீஷர்ட்டில் எத்தனை சதுர மீட்டர் துணி இருக்கிறது என்று தெரியாமல் எதையும் சொல்ல முடியாது. சின்ன சைஸ் எடுத்தால் எடை குறையும், பெரிய சைஸ் எடுத்தால் கூடும், துணி அதே துணிதான். உடுப்பின் எடையை அவுன்ஸாக்க வேண்டுமானால் அங்கே 28.35ஆல் வகுப்பதுதான் சரி, 6.35 அவுன்ஸ் வரும். டீஷர்ட் உலகில் "5.3 oz" என்று எழுதினால் வாங்குகிறவர் அதைத் துணியின் எடையாகத்தான் எடுத்துக்கொள்வார். துணியை வெட்டி ஜிஎஸ்எம் பார்த்த பிறகு எழுதுங்கள்.

நூலிழை, 407 கேட்காதீர்கள். உங்கள் கேள்வியில் ஏதோ இடறுகிறது. தாளில் "oz" என்று மட்டும்தான் இருக்கிறதா? அதற்குப் பின்னால் எதுவுமே இல்லையா?

---

நூலிழை

"12 oz" மட்டும்தான். பின்னால் ஒன்றும் இல்லை.

---

கோட்டுக்காரம்மா

ஐயா கேட்டது சரியான கேள்வி. நான் சூட் துணி வாங்கி விற்பவள், இதில் தினமும் உழல்கிறேன்.

கம்பளி சூட்டிங்கில் "12 அவுன்ஸ்" என்று சும்மா சொன்னால், பெரும்பாலும் அது சதுர கெஜத்துக்கு அல்ல, ரன்னிங் கெஜத்துக்கு. அதாவது முழு அகலத்தோடு, நீளத்தில் ஒரு கெஜம் வெட்டினால் அந்தத் துண்டு முழுவதும் 12 அவுன்ஸ். டெனிமிலும் டீஷர்ட்டிலும் அவுன்ஸ் என்றால் சதுர கெஜம். ஒரே சொல், ஒரே குறி, வேறு வேறு அளவு. உங்கள் பையர் தாளில் எடைக்குப் பக்கத்திலேயே 58 அங்குலம் என்று அகலத்தையும் போட்டிருக்கிறார் பாருங்கள். அகலம் தெரியாமல் ரன்னிங் எடைக்கு அர்த்தமே கிடையாது, அதனால்தான் இரண்டும் சேர்ந்து வரும்.

உங்கள் துணியை அப்படிப் போட்டுப் பார்ப்போம். 58 அங்குலம் என்பது 1.473 மீட்டர். நீளம் ஒரு கெஜம், 0.914 மீட்டர். பெருக்கினால் 1.347 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 250 கிராம் என்றால் இந்தத் துண்டு 337 கிராம். 28.35ஆல் வகுத்தால் 11.9 அவுன்ஸ்.

12க்கும் 11.9க்கும் சண்டை இல்லை. உங்கள் கை பொய் சொல்லவில்லை.

---

நூலிழை

அக்கா, படித்துவிட்டு ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். 407க்கு மாதிரி கேட்டு மில்லுக்கு மெயில் எழுதி வைத்திருந்தேன், அனுப்பவில்லை. ஆனால் "பெரும்பாலும்" என்கிறீர்களே. பையர் சதுர கெஜத்தைத்தான் சொல்லியிருந்தால்?

---

பழைய தறிக்கூடம்

அதற்கு ஊகம் வேண்டாம், மாதிரித் துண்டு கையில் இருக்கிறதே. எடைபோட்டுப் பாருங்கள். கோட்டுக்காரம்மா சொல்வது சரியென்றால் அந்தத் துண்டு 250 பக்கம் வரும். இல்லையென்றால் 400 பக்கம் வரும். இரண்டுக்கும் நடுவில் பெரிய இடைவெளி இருக்கிறது, சாதாரணத் தராசிலேயே தெரிந்துவிடும்.

ரவுண்ட் கட்டர் இருந்தால் நல்லது. அது சரியாக 100 சதுர சென்டிமீட்டர் வட்டம் வெட்டும், வந்த கிராமை நூறால் பெருக்கினால் ஜிஎஸ்எம். ஆனால் உள்ளங்கை அளவுத் துண்டில் அந்த வட்டம் அடங்காது, அதன் விட்டமே 11 சென்டிமீட்டருக்கு மேல். அதனால் ஸ்கேலும் கூர்மையான பிளேடும் வைத்து 8 சென்டிமீட்டர் சதுரம் வெட்டுங்கள். மாதிரித் துண்டின் ஓரம் பல் பல்லாக வெட்டியிருக்கும், அதைக் கணக்கில் சேர்க்காமல் உள்ளே தள்ளி வெட்டுங்கள். தராசு கிராமில் இரண்டு தசமம் காட்ட வேண்டும். சமையலறைத் தராசு இதற்கு உதவாது, அது 2 கிராம் என்று காட்டிவிட்டு நின்றுவிடும்.

மில் துணியிலும் அதே அளவு ஒன்று வெட்டுங்கள். இரண்டையும் ஒரே அறையில் ஒரு இரவு விரித்து வைத்துவிட்டு, காலையில் அடுத்தடுத்து எடைபோடுங்கள்.

---

பைத்தையல்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் கான்வாஸ் பை தைப்பவன். அவுன்ஸ் பற்றிப் பேச்சு வந்ததால் என் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

பட்டியலில் "நம்பர் 10 டக்" என்று இருந்ததை 10 அவுன்ஸ் என்று நினைத்து ஒரு ரோல் வாங்கினேன். 10 அவுன்ஸ் என்றால் ஏறக்குறைய 340 ஜிஎஸ்எம் என்று கணக்கும் போட்டிருந்தேன். வந்த துணியில் நான்கு மடிப்பு சேரும் இடத்தில் ஊசி இறங்கவே இல்லை. வெட்டி எடைபோட்டால் 500 ஜிஎஸ்எம்.

பிறகுதான் தெரிந்தது, அந்த நம்பர் அவுன்ஸே இல்லை. அது ஒரு பழைய முறை. 36 அங்குலத்துக்கு 22 அங்குலம் துண்டை எடைபோட்டு, அந்த அவுன்ஸை 19லிருந்து கழித்தால் வருவதுதான் நம்பர். நம்பர் 10 என்றால் அந்தத் துண்டு 9 அவுன்ஸ். சதுர கெஜத்துக்கு மாற்றினால் 14.7 அவுன்ஸ். நம்பர் கூடக் கூடத் துணி மெலியும். இங்கே 33.9 எவ்வளவு சரியாகப் போட்டாலும் தப்பான விடைதான் வரும், ஏனென்றால் எதைப் பெருக்குகிறோம் என்பதே தப்பு.

---

கோட்டுக்காரம்மா

குறுக்கே ஒன்றும் இல்லை தம்பி, இதே விஷயம்தான். படகுப் பாய்த் துணியிலும் இப்படி ஒன்று உண்டு. அங்கே ஒரு அவுன்ஸ் என்றால் 36க்கு 28.5 அங்குலத் துண்டின் எடை. ஜிஎஸ்எம்மில் 42.8. சதுர கெஜத்து அவுன்ஸ் என்று நினைத்து 33.9 போட்டால் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துபோகும். பழைய தறிகளில் துணி எந்த அகலத்தில் வந்ததோ அந்த அகலத்தையே அளவாக வைத்துக்கொண்டார்கள், அது இன்னும் போகவில்லை.

---

நூலிழை

எடைபோட்டுவிட்டேன்! பக்கத்து நகைப் பட்டறையில் தராசு கேட்டு வாங்கினேன்.

8 சென்டிமீட்டர் சதுரம், அதாவது 64 சதுர சென்டிமீட்டர், 0.0064 சதுர மீட்டர். பையர் மாதிரி 1.63 கிராம். மில் துணி 1.59 கிராம். 0.0064ஆல் வகுத்தால் பையர் மாதிரி 255 ஜிஎஸ்எம், மில் துணி 248. பையர் சதுர கெஜத்துக்கு 12 அவுன்ஸ் துணியை அனுப்பியிருந்தால் இந்தத் துண்டு 2.6 கிராம் இருந்திருக்க வேண்டும். தராசு அதன் பக்கமே போகவில்லை.

ஒரு கவலை. மில் துணி 7 ஜிஎஸ்எம் குறைவாக இருக்கிறதே, அதைச் சொல்லி மில்லிடம் பேசலாமா?

---

பழைய தறிக்கூடம்

நல்ல வேலை செய்தீர்கள். ஆனால் அந்த 7ஐ வைத்துப் பேச வேண்டாம். 80 மில்லிமீட்டர் பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறினால் அது 1.25 சதவீதம். இரண்டு பக்கமும் தவறினால் 2.5 சதவீதம், அதாவது 6 ஜிஎஸ்எம். பிளேடு கொஞ்சம் சாய்ந்தாலே போதும். உங்கள் இரண்டு எண்களும் ஒன்றுதான் என்று இந்த அளவையில் எடுத்துக்கொள்ள வேண்டும். 250ஆ 400ஆ என்று கேட்டீர்கள், அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. 248ஆ 255ஆ என்று கேட்டால் இந்தத் துண்டால் சொல்ல முடியாது. பெரிய துண்டு, நான்கைந்து இடங்களில் வெட்டியது, வேண்டும்.

அப்புறம் ஈரம். கம்பளி காற்றிலிருந்து நிறைய ஈரம் இழுக்கும். ஆய்வகத்தில் 20 டிகிரி, 65 சதவீத ஈரப்பதத்தில் வைத்துத்தான் எடைபோடுவார்கள், அந்த நிலையில் கம்பளி தன் உலர்ந்த எடையில் 15 சதவீதம் போல ஈரத்தை வைத்திருக்கும். மழைநாளில் ஒன்றையும் வெயில்நாளில் ஒன்றையும் எடைபோட்டு ஒப்பிட்டால் மாற்றுக் கணக்கின் மேல் பழி விழும்.

---

வேகத்தறி

என் கோப்பைத் திருத்தி இரண்டு கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துவிட்டேன். A2வில் ஜிஎஸ்எம், B2வில் அகலம் அங்குலத்தில். முதலாவது சதுர கெஜத்துக்கு, இரண்டாவது ரன்னிங் கெஜத்துக்கு.

```
=A2/33.906
=A2*B2/1220.6
```

1220.6 என்பது 33.906ஐ 36ஆல் பெருக்கியது. 250, 58 போட்டால் 7.37, 11.88 வருகிறது. யாராவது சரிபாருங்கள், இந்த முறை அவசரப்படவில்லை.

---

கோட்டுக்காரம்மா

இரண்டும் சரி. ஒரு வேண்டுகோள், விடையை முழு அவுன்ஸாக்கி அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். 180 ஜிஎஸ்எம் 5.31 அவுன்ஸ். அதை "5 oz" என்று ஒருவர் எழுத, அடுத்தவர் அதைத் திரும்ப மாற்றினால் 170 வரும். யாரும் தப்புச் செய்யாமலே 10 ஜிஎஸ்எம் காணாமல் போகிறது. ஒரு தசமம் வைத்தால் இழப்பு 2 ஜிஎஸ்எம்முக்குள் நிற்கும். எடை எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற ஒப்பந்தத்தையும் மில் கொடுத்த மூல எண்ணிலேயே போடுங்கள், மாற்றிய எண்ணில் போடாதீர்கள்.

---

சின்னப்பொத்தான்

துணி வெட்டிப் பார்த்தேன் ஐயா. என் டீஷர்ட் 152 ஜிஎஸ்எம்தான். அப்படியென்றால் 4.5 அவுன்ஸ். நல்லவேளை 5.3 என்று அச்சடிக்கவில்லை. ஆனால் இது ஒரு முறை துவைத்த சட்டை. துவைக்காத துணியில் பார்க்க வேண்டுமா?

---

பழைய தறிக்கூடம்

ஆமாம். பருத்திப் பின்னல் துவைத்தால் சுருங்கும், சுருங்கினால் அதே நூல் சின்ன இடத்தில் நெருங்கும், ஜிஎஸ்எம் கூடும். புதுத் துணியில் வெட்டிப் பாருங்கள், 152க்குக் கீழேதான் வரும் என்று நினைக்கிறேன். எந்த நிலையில் எடுத்த எண் என்று பக்கத்தில் எழுதி வையுங்கள்.

---

நூலிழை

பையரிடமிருந்து பதில் வந்தது. ரன்னிங் கெஜத்துக்குத்தான் 12 என்று உறுதி செய்துவிட்டார்கள். ஆனால் புதிதாக ஒன்றைக் கிளப்பிவிட்டிருக்கிறார்கள். 58 என்பது செல்வெட்ஜ் ஓரம் நீங்கலாக, வெட்டப் பயன்படும் அகலமாம். மில் சொல்லும் 58 ஓரத்தோடு சேர்த்து. ரன்னிங் எடைக்கு எந்த அகலத்தை எடுப்பது?

---

கோட்டுக்காரம்மா

நான் ஓரத்தோடு சேர்த்த முழு அகலத்தைத்தான் எடுப்பேன். ஒரு கெஜம் வெட்டித் தராசில் வைக்கும்போது ஓரத்தைக் கிழித்துவிட்டா வைக்கிறோம்? பையருக்கு உள்ளே 58 வேண்டுமென்றால் முழு அகலம் 59, 60 வரை போகும். 60 அங்குலத்தில் 250 ஜிஎஸ்எம் 12.3 அவுன்ஸ்.

---

பழைய தறிக்கூடம்

எனக்கு இதில் கொஞ்சம் தயக்கம். ஓரத்தில் நூல் நெருக்கமாக இருக்கும், அதன் ஜிஎஸ்எம் நடுத்துணியைவிடக் கூடுதல். நடுவில் வெட்டிய சதுரத்தின் எண்ணை முழு அகலத்தால் பெருக்கினால் உண்மை எடையைவிடச் சற்றுக் குறைவாகவே வரும். உள் அகலத்தை மட்டும் எடுத்தால் துணியின் தரத்தைச் சரியாகச் சொல்லும், ஆனால் ரோலின் எடையோடு ஒத்துப்போகாது. இரண்டு பழக்கமும் இருக்கிறது.

நூலிழை, மில்லிடம் ரோல் முனையிலிருந்து முழு அகலத்தோடு சரியாக 91.4 சென்டிமீட்டர் வெட்டி எடைபோட்டு அனுப்பச் சொல்லுங்கள். அந்தத் துண்டின் அகலத்தையும் டேப்பில் அளந்து எழுதச் சொல்லுங்கள். அந்த எண்ணைப் பையருக்கு அப்படியே அனுப்பிவிடுங்கள், பெருக்கல் எதுவும் வேண்டாம்.

---

நூலிழை

மில்லில் கேட்டுவிட்டேன். நாளைக் காலை புதிய ரோலைப் பிரிக்கிறார்களாம், முனைத் துண்டை எடைபோட்டுச் சொல்கிறேன் என்றார்கள். எண் வந்ததும் இங்கே போடுகிறேன்.